பண்ணைக்குட்டைக் கரையில் ஆறு துடுப்புகள்: ட்ரைரீம் இருக்கையைக் கட்டிப் பார்த்த பதிவு

ஆறு பேர் மூன்று அடுக்குகளாக அமர்ந்து துடுப்பு வலிக்கக்கூடிய மரச்சட்டம் ஒன்றை இந்தக் கோடையில் எங்கள் பண்ணைக்குட்டையின் கரையில் கட்டினேன். பழைய கிரேக்கக் கடற்போர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், வெண்கலத்தால் வார்த்த இடிமுனை நீர்மட்டத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. அது எதிரிக் கப்பலின் விலாவில் மோதினால் பலகை பிளந்து நீர் புகுந்துவிடும். செய்தி இவ்வளவுதான் என்றால், உடல் வலிமை உள்ள ஆட்களைப் பிடித்து உட்கார வைத்து வலிக்கச் சொன்னாலே போதுமே. ஏதென்ஸ் நகரம் துடுப்பாளருக்குக் கூலி கொடுத்து, அவர்களைப் பழக்கி, அந்தப் பழக்கத்தையே தன் பெரும் பலமாகக் கருதியது ஏன்? படித்து விடை கிடைக்கவில்லை. கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தரையில் துடுப்பு வலித்துப் பழகுவது என் கண்டுபிடிப்பு அல்ல. கி.மு. 261 வாக்கில் ரோமானியர்கள் முதல்முறையாகப் பெரிய போர்க்கப்பல் படை ஒன்றைக் கட்டியபோது, கப்பல்கள் தச்சர்களிடம் இருந்த நாட்களிலேயே ஆட்களைப் பழக்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். கப்பலில் இருக்கும் அதே வரிசையில் தரையில் பலகைகளைப் போட்டு, ஆட்களை உட்கார வைத்து, நடுவில் கட்டளையிடுபவரை நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நெஞ்சருகே இழுத்துப் பின்சாயவும், ஒரே நேரத்தில் கையை நீட்டி முன்குனியவும், அவர் குரலுக்குத் தொடங்கவும் நிறுத்தவும் பழக்கினார்களாம். இந்தப் பத்திதான் எனக்கு வரைபடம். ஆனால் நான் எடுத்துக்கொண்ட கப்பல் ரோமானியருடையது அல்ல. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட, ஏதென்ஸின் மூவடுக்குப் போர்க்கப்பலான ட்ரைரீம்.

ட்ரைரீம் சுமார் 37 மீட்டர் நீளமும் ஐந்தரை மீட்டர் அகலமும் கொண்ட, மெல்லிய பலகைகளால் ஆன இலகுவான கப்பல். அதில் 170 துடுப்பாளர்கள் இருந்தார்கள். மேலடுக்கில் 62 பேர், நடுவடுக்கில் 54 பேர், கீழடுக்கில் 54 பேர். ஆளுக்கு ஒரு துடுப்பு. ஆளுக்கு ஒன்றுதான் என்பதற்கு நல்ல சான்று உண்டு. கி.மு. 429இல் ஏதென்ஸின் எதிரிகளான பெலொப்பொனீசியர்கள் அந்நகரின் துறைமுகத்தைத் திடீரென்று தாக்கத் திட்டமிட்டபோது, ஒவ்வொருவரும் தம் துடுப்பையும், உட்காரும் மெத்தையையும், துடுப்பைக் கட்டும் தோல் வாரையும் தூக்கிக்கொண்டு கொரிந்திலிருந்து மெகாராவின் துறைமுகத்துக்கு நடந்தே போனார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். ஒருவர் தோளில் சுமந்து நடக்கக்கூடிய துடுப்பு, ஒருவருக்கு ஒரு வார், ஒருவருக்கு ஒரு மெத்தை. என் சட்டத்துக்கும் அதையே கணக்காக வைத்தேன்.

துடுப்பு

ஏதென்ஸ் கப்பல்துறையின் கல்வெட்டுக் கணக்குகளில் துடுப்பின் நீளம் 9 முழம், 9½ முழம் என்று இருக்கிறது. நம் அளவில் ஏறத்தாழ 4 முதல் 4.2 மீட்டர் எனக் கொள்ளலாம். நான் 4.2 மீட்டரை எடுத்துக்கொண்டேன். துடுப்பைத் தாங்கும் முளையிலிருந்து கைப்பிடி நுனிவரை 1.05 மீட்டர், முளைக்கு வெளியே 3.15 மீட்டர். அதாவது கை ஒரு பங்கு நகர்ந்தால் துடுப்பின் நுனி மூன்று பங்கு நகரும். இந்த மூன்று என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

முதலில் செய்த தவறு மரத்தில். எளிதில் கிடைக்கிறது, நேராக இருக்கிறது என்று ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சவுக்குக் கம்புகளை வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏழரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. முளையில் வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்த ஆசாரி, "இது ஆவாதுண்ணே, பத்து இழுப்புல தோள் விட்டுரும்" என்றார். அவர் கையால் உணர்ந்ததைப் பிறகு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரே பருமனான 4.2 மீட்டர் கம்பின் எடைமையம் நடுவில், அதாவது கைப்பிடி நுனியிலிருந்து 2.1 மீட்டரில் இருக்கும், முளை 1.05 மீட்டரில் இருப்பதால், எடைமையம் முளைக்கு வெளியே சரியாக இன்னொரு 1.05 மீட்டரில் விழுகிறது. எனவே நீரைத் தள்ளும் முனையான அலகை நீருக்கு மேல் தூக்கி வைத்திருக்க, கைப்பிடியைத் துடுப்பின் முழு எடைக்குச் சமமான விசையோடு கீழே அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை ஏழு கிலோவுக்கும் மேலான அழுத்தம். இழுக்கும் விசை அதற்கு மேல் தனி.

கிரேக்கர்கள் துடுப்புக்கு இலகுவான ஃபிர் மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அன்று எனக்குப் புரிந்தது. நான் பைன் பலகைகளை ஒட்டி, நுனியை நோக்கி மெலிதாக இழைத்து, கைப்பிடிப் பக்கம் மட்டும் பருமனாக விட்டுப் புதிதாக ஆறு துடுப்புகளைச் செய்தேன். எடை நான்கு கிலோ அளவுக்கு இறங்கியது. எடைமையம் முளையை நோக்கி நெருங்கியதால், கையில் தெரியும் அழுத்தம் மூன்று கிலோவுக்கும் கீழே வந்தது. சவுக்குக் கம்புகள் வீணாகவில்லை, சட்டத்தின் கால்களாயின.

சட்டம்

மூவர் இருக்கும் விதத்தைச் சொற்களில் சொல்வது கடினம், ஆனால் ஒருமுறை உட்கார்ந்தால் மறக்காது. கீழடுக்குக்காரர் கப்பலின் உள்ளே ஆழத்தில் இருக்கிறார். நடுவடுக்குக்காரர் அவருக்குச் சற்று மேலே, சற்றுத் தள்ளி அமர்கிறார். மேலடுக்குக்காரர் எல்லோருக்கும் உயரத்தில், கப்பலின் விளிம்பை ஒட்டி இருக்கிறார். அவருடைய முளை விளிம்புக்கு வெளியே நீட்டிய ஒரு சட்டத்தின் மேல் இருக்கிறது. மூவரின் துடுப்புகளும் ஏறத்தாழ ஒரே நீளம் என்பதால், மேலடுக்குத் துடுப்பு செங்குத்தாகச் சரிந்தும், கீழடுக்குத் துடுப்பு ஏறத்தாழப் படுக்கையாகவும் நீரைத் தொடுகின்றன. கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்பின்போது கப்பல் தலைவர்கள் மேலடுக்குத் துடுப்பாளருக்குத் தம் கையிலிருந்து கூடுதல் பணம் கொடுத்தார்கள். மேலே உட்கார்ந்து அரை மணி நேரம் வலித்தவன் என்ற முறையில், அந்தப் பணம் நியாயமானது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரே அடுக்கில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் ஒலிம்பியாஸ் என்ற கப்பலின் அனுபவத்தை நம்பினேன். வரலாற்றறிஞர் ஜான் மோரிசன், கப்பல் வடிவமைப்பாளர் ஜான் கோட்ஸ் ஆகியோரின் ஆய்வின்படி கிரேக்கத்தில் கட்டப்பட்டு 1987இல் கடலில் இறக்கப்பட்ட முழு அளவு ட்ரைரீம் அது. அதில் இடைவெளி 2 முழம், முழத்துக்கு 44.4 சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஏறத்தாழ 89 சென்டிமீட்டர். நானும் 89 வைத்தேன். முதல் மாலையிலேயே, முன்னோக்கிக் குனிந்து கையை நீட்டிய ஒவ்வொருவரின் கைமுட்டியும் முன்னால் இருப்பவரின் முதுகில் இடித்தது. இடிக்காமல் வலித்தபோது கை நகர்ந்த தூரம் 72 சென்டிமீட்டர்தான். அலகு நீரில் நகர்ந்தது 2.16 மீட்டர். ஒலிம்பியாஸில் வலித்தவர்களும் இதே நெருக்கடியைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் காலத்து முழம் 49 சென்டிமீட்டராக இருந்திருக்கலாம் என்று பிறகு திருத்தம் முன்வைக்கப்பட்டது. சட்டத்தைக் கழற்றி இடைவெளியை 98 ஆக்கினேன். கை 84 சென்டிமீட்டர் நகர்ந்தது. அலகின் ஓட்டம் இரண்டரை மீட்டரைத் தொட்டது. ஓர் இழுப்புக்கு 36 சென்டிமீட்டர் கூடுதல் ஓட்டம். இந்த ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளிக்காக அறிஞர்கள் ஏன் வாதிடுகிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

முளைகளைத் தேக்கில் கடைந்து, எருமைத்தோல் வாரால் துடுப்புகளைக் கட்டினோம். வார் காய்ந்தால் கிறீச்சிட்டுத் தேய்கிறது; விளக்கெண்ணெய் தடவினால் ஒரு மாலைக்குத் தாங்குகிறது. இறுகக் கட்டினால் துடுப்பு திரும்பாது, தளர்ந்தால் ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு விரற்கடை வீணாகும். கடைசியாகக் கப்பலின் விலாவுக்குப் பதிலாக ஒட்டுப்பலகை ஒன்றை நிறுத்தி, கீழடுக்குக்கும் நடுவடுக்குக்கும் துடுப்பு போகும் அளவுக்குத் துளை வெட்டினேன்.

வலித்துப் பார்த்தல்

ஆட்கள் என் மருமகனும் அவனுடைய கல்லூரித் தோழர்களும். ஆறு பேரும் நல்ல உடற்கட்டு உள்ளவர்கள். இரண்டு பேர் நாள்தோறும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள். முதல் மாலையில் நான்காவது அல்லது ஐந்தாவது இழுப்பிலேயே அலகுகள் ஒன்றோடொன்று மோதின. நீருக்குள் மூன்று அலகுகளும் மிக நெருக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. ஒருவர் அரை நொடி பிந்தினால் பின்னால் வரும் அலகு அவருடைய துடுப்பின் மேல் ஏறிவிடும். ஏறியதும் இரண்டு துடுப்புகளும் நிற்கும், மூன்றாவது அவற்றில் முட்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற இருவர்தான் அதிகமாக மோதினார்கள். அவர்கள் விசையைக் கூட்டினார்கள், நேரத்தைப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் கீழே இருந்தது. "மாமா, இங்கேருந்து தண்ணியே தெரியல. எப்ப இறக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கீழடுக்கிலிருந்து மருமகன் கேட்டான். "கண்ணால பாக்காத மாப்ள, காதால கேளு. மேல இருக்கிறவன் சொல்றதைக் கேட்டு இறக்கு" என்றேன். அது நான் யோசித்துச் சொன்ன விடை அல்ல. வேறு வழி இல்லை. அந்தக் கப்பலில் வலித்த 170 பேரில் 108 பேர் நீரையோ எதிரியையோ பார்க்கவே முடியாமல் வலித்தார்கள். அலகுகளைப் பார்க்க முடிந்தவர் மேலடுக்குக்காரர் மட்டுமே. தனக்குக் கீழே உள்ள இருவரையும் சேர்த்து ஒழுங்குபடுத்த வேண்டியவர் அவர்தான். குழலூதி ஒருவரும் கட்டளையிடுபவர் ஒருவரும் கப்பலில் இருந்தார்கள். ஏதென்ஸ் துடுப்பாளரின் கூவலாக 'ரிப்பபாய்' என்ற ஒலி ஒரு நகைச்சுவை நாடகத்தில் பதிவாகியிருக்கிறது. நம் கடற்கரையின் 'ஏலேலோ' போல அதற்கும் பொருள் தேவையில்லை, தாளம்தான் தேவை.

ஆறு மாலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் பழகிய பிறகு, அறுபது இழுப்புகள் மோதலின்றிப் போனோம். நான்காவது மாலை இருவர் வரவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. கி.மு. 494இல் லாடே தீவருகே பாரசீகப் படையை எதிர்கொள்ளக் கூடிய அயோனியக் கிரேக்கர்களுக்கு, ஃபோசியா ஊரின் டயோனிசியஸ் பயிற்சி கொடுத்தார். நாள்தோறும் கப்பல்களை வரிசையாகக் கொண்டுபோய், எதிரி வரிசைக்குள் ஊடுருவும் முறையைப் பழக்கி, மீதி நேரமும் அவர்களைக் கப்பலிலேயே வெயிலில் வைத்திருந்தார். ஏழு நாள் தாங்கினார்கள். எட்டாவது நாள் கட்டளைக்குப் பணியாமல் கரையில் கூடாரமடித்து நிழலில் இருந்துவிட்டார்கள். போர் நாளில் சாமோஸ் தீவின் கப்பல்களில் பெரும்பாலானவை களத்தை விட்டுப் பாயேற்றிப் போயின; மற்றவர்களும் சிதறினார்கள்.

மோதலின் கணக்கு

இடிமுனையால் மோதுவது என்றால் நேருக்கு நேர் முட்டுவது அல்ல. இலகுவான ஏதென்ஸ் கப்பலுக்கு அது தற்கொலை. எதிரியின் விலாவையோ பின்பகுதியையோ தாக்க வேண்டும். அதற்கு முதலில் அவனைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். வரிசைக்குள் நுழைந்து மறுபக்கம் சென்று திரும்புவது ஒரு முறை, வரிசையின் ஓரத்தைச் சுற்றி வளைவது இன்னொரு முறை. ஒலிம்பியாஸ் குறுகிய ஓட்டத்தில் ஏறத்தாழ 9 நாட் வேகத்தை எட்டியது. ஒரு நிமிடத்தில் முழுதாகத் திரும்பி எதிர்த்திசை நோக்கியது.

இதைக் கரையில் குச்சிகளை நட்டு நடந்து பார்த்தோம். தாக்கும் கப்பல் 100 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்றும், நொடிக்கு நாலரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 9 நாட் வேகத்தில் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கு 22 நொடி ஆகும். தாக்கப்படும் கப்பல் நொடிக்கு 3 மீட்டர் என்று மெதுவாகப் போனாலும் அந்த 22 நொடியில் 66 மீட்டர் நகர்ந்துவிடும். அது அதன் நீளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிமிடத்துக்கு 40 இழுப்பு என்றால் 22 நொடி என்பது 15 இழுப்பு. இந்தப் பதினைந்தில் மூன்று இழுப்பு மோதலால் வீணானால் கப்பல் நான்கைந்து நொடி பிந்தும்; இலக்கு பதின்மூன்று பதினான்கு மீட்டர் கூடுதலாக நகர்ந்திருக்கும். நடுவிலாவைக் குறிவைத்து வந்த இடிமுனை அதன் வாலை உரசும், அல்லது வெறும் நீரில் பாய்ந்து, தன் விலாவை அடுத்த எதிரிக்குக் காட்டிக்கொண்டு நிற்கும்.

மோதிய பிறகும் வேலை முடிவதில்லை. இடிமுனை பிளவுக்குள் இருக்கிறது. உடனே பின்வலிக்காவிட்டால் இரண்டு கப்பல்களும் பிணைந்துகொள்ளும், எதிரிப் போர்வீரர்கள் இந்தக் கப்பலில் ஏறிவிடுவார்கள். முன்வலிப்பிலிருந்து பின்வலிப்புக்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பது சட்டத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. 'நிறுத்து, பின்வலி' என்ற கட்டளைக்கு என் ஆறு பேரும் ஒரே ஒழுங்குக்கு வர முதலில் ஏழு நொடி எடுத்தது. பழகிய பிறகு மூன்று. ஆறு பேருக்கே இப்படி. நூற்றெழுபது பேருக்கு, அதுவும் மோதலின் அதிர்ச்சியில் முன்னால் தூக்கியெறியப்பட்ட நிலையில், என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். மோதுண்ட ட்ரைரீம் பெரும்பாலும் கல்லைப் போல மூழ்கிப்போவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் பாரம் இல்லை, முழுதும் மரம். நீர் நிரம்பி, அசைய முடியாமல் மிதக்கும். வென்றவர்கள் அதை இழுத்துச் சென்றார்கள்.

கப்பலில் ஏறிப் போரிடுதல்

மற்ற வழி எதிரிக் கப்பலை நெருங்கிப் பிணைத்து, வீரர்களை ஏற்றிப் போரிடுவது. ஏதென்ஸ் ட்ரைரீமில் பொதுவாக 10 கவசவீரரும் 4 வில்லாளரும்தான் இருந்தார்கள். லாடே போரில் கியோஸ் தீவினர் கப்பலுக்கு 40 கவசவீரரை ஏற்றியிருந்தார்கள். கி.மு. 433இல் சிபோட்டா போரில் இரு தரப்பும் மேற்தளத்தில் வீரர்களை நிரப்பிக்கொண்டு, கப்பல்கள் சிக்கி நிற்க, தரைப்போர் போலவே சண்டையிட்டன. துசிடிடிஸ் அதைத் திறமையற்ற பழைய முறை என்கிறார்.

வீரர் கூடினால் வலிப்பு கெடும் என்பதை ஒரு சிறு சோதனையில் பார்த்தேன். என் சட்டம் தரையில் ஊன்றியது. கப்பலைப் போல் ஆடாது. ஆகவே ஆட்டத்தைப் போலியாக உண்டாக்க, சட்டத்தின் கால்களுக்கு அடியில் இருந்த கற்களை எடுத்து 20 சென்டிமீட்டர் தாழ்த்தினேன். ஐந்தரை மீட்டர் அகலக் கப்பல் 5 பாகை சாய்ந்தால் அதன் விளிம்பு ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் தாழும், எனவே இது மிகையான சோதனை அல்ல. அலகுகள் ஆழத்தில் புதைந்தன. அவற்றை வெளியே எடுக்கக் கைப்பிடிகளைத் தொடைவரை அழுத்த வேண்டியிருந்தது. அதே நேரத்தில் கப்பலின் மறுபக்கத்தில் அலகுகள் நீரையே தொடாமல் காற்றைத் துழாவியிருக்கும். மேற்தளத்தில் கவசத்தோடு சிலர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடினாலே குறுகலான கப்பல் சாயும். கி.மு. 413இல் சிராக்யூஸ் துறைமுகப் போருக்கு முன், ஏதென்ஸ் கப்பல்களில் ஏற்றப்பட்ட தரைப்படை ஈட்டிவீரர்களுக்கு உட்கார்ந்தபடி எறியக்கூடத் தெரியாது என்று சிராக்யூஸ் தரப்புத் தளபதிகள் தம் வீரரிடம் சொன்னதன் பொருள் இதுதான்: பழகிய கடல்வீரன் எழுந்து நிற்கமாட்டான்.

பாட்ரஸ் வளைகுடா, கி.மு. 429

இவ்வளவும் ஒரே காலைப்பொழுதில் கூடி வந்த போர் ஒன்று உண்டு. நௌபாக்டஸில் 20 கப்பல்களோடு இருந்த ஏதென்ஸ் தளபதி ஃபோர்மியோ, அகர்னானியாவுக்குப் படைவீரரை ஏற்றிச் சென்ற 47 பெலொப்பொனீசியக் கப்பல்களைத் திறந்த நீரில் மறித்தார். எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவானவர்களால் மறிக்கப்பட்ட அவர்கள், ஊடுருவலுக்கு இடம் கொடுக்காதிருக்க, அணியங்கள் வெளியே, வால்கள் உள்ளே இருக்கும்படி பெரிய வட்டமாக நின்றார்கள். சிறு படகுகளையும் சிறந்த ஐந்து கப்பல்களையும் வட்டத்துக்குள் வைத்தார்கள். தாளில் பார்த்தால் சரியான ஏற்பாடு.

ஃபோர்மியோ தன் கப்பல்களை ஒற்றை வரிசையில் அந்த வட்டத்தைச் சுற்றி ஓட்டினார். உரசுவது போல நெருங்கி, இதோ மோதப்போகிறோம் என்று காட்டி, வட்டத்தைச் சிறுகச் சிறுகச் சுருக்கினார். தன் சைகை வரும்வரை யாரும் தாக்கக்கூடாது என்பது கட்டளை. விடியலில் வளைகுடாவிலிருந்து காற்று வீசும் என்பது அவருக்குத் தெரியும். காற்று வந்தது. நெருங்கி நின்ற கப்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கழிகளால் தள்ளினார்கள், கத்தினார்கள், வைதார்கள். அந்த இரைச்சலில் கட்டளைகள் காதில் விழவில்லை. பழக்கமில்லாத துடுப்பாளர்களால் எழும்பிய நீரில் துடுப்பைத் தூக்க முடியவில்லை. அதனால் கப்பல்கள் சுக்கானுக்குக் கட்டுப்படவில்லை. அந்த நொடியில் ஃபோர்மியோ சைகை கொடுத்தார். முதலில் தளபதியின் கப்பல் ஒன்று தாக்கப்பட்டது. பிறகு எதிர்ப்பட்டவை எல்லாம். 12 கப்பல்கள் பிடிபட்டன.

'துடுப்பைத் தூக்க முடியவில்லை' என்ற வரியைப் பலமுறை வேகமாகப் படித்துக் கடந்திருக்கிறேன். இந்த முறை அதைக் குட்டையில் சோதித்தேன். இரண்டு பையன்கள் காலிப் பீப்பாய் ஒன்றை நீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்து, சுமார் 20 சென்டிமீட்டர் உயர அலையை எழுப்பினார்கள். அமைதியான நீரில் அறுபது இழுப்பு போன அதே ஆறு பேர் ஒன்பதாவது இழுப்பில் நின்றார்கள். காரணம் அந்த மூன்று என்ற எண். அலகை 30 சென்டிமீட்டர் உயர்த்த, கைப்பிடியை 10 சென்டிமீட்டர் கீழே அழுத்த வேண்டும். கீழடுக்கில் மருமகனின் கைப்பிடிக்கும் தொடைக்கும் இடையே இருந்த இடைவெளி மொத்தமே பத்து சென்டிமீட்டர். கைப்பிடியைத் தொடையில் படும்வரை அழுத்தி, அதே ஓட்டத்தில் முன்தள்ளி, அலை தாழும் நொடியில் இறக்க வேண்டும். இரண்டு விரற்கடை குறைவாக அழுத்தினால் அலையின் முகடு அலகைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் கைப்பிடி நெஞ்சில் வந்து குத்துகிறது. வலுவானவன் அதை எதிர்த்துத் தள்ளுகிறான், அலகு இன்னும் ஆழமாகப் புதைகிறது. பழகியவன் ஓர் இழுப்பை விட்டுக்கொடுத்து, அலகைச் சரித்து வெளியே எடுத்து, அடுத்த இழுப்பில் சேர்ந்துகொள்கிறான்.

சுக்கானைப் பற்றிய வரியும் இதனோடு சேர்ந்தது. கப்பல் நகர்ந்தால்தான் சுக்கானில் நீர் மோதும்; துடுப்புகள் நின்றுவிட்ட கப்பலில் சுக்கான் வெறும் பலகை. வட்டத்திலிருந்த கப்பல்களால் வலிக்க முடியாதபோது, திரும்பவும் முடியாமல் போனது.

பிறகு 77 கப்பல்களோடு வந்த எதிரிகளிடம் அதே ஃபோர்மியோ ஏறத்தாழத் தோற்றார். 9 கப்பல்கள் கரையோரம் மடக்கப்பட்டன, 11 தப்பி ஓடின. பின்தங்கிய கடைசிக் கப்பலை, தனியே முந்தி வந்த லியூகாஸ் தீவின் கப்பல் ஒன்று துரத்தியது. நங்கூரமிட்டு நின்ற வணிகக் கப்பல் ஒன்றைச் சுற்றி வளைந்த அந்த ஏதென்ஸ் கப்பல், துரத்தியவனின் நடுவிலாவில் மோதியது. வெற்றிப்பாட்டோடு ஒழுங்கின்றி வந்துகொண்டிருந்த மற்றவர்கள் திகைத்தார்கள். சிலர் துடுப்புகளை நீரில் இறக்கிக் கப்பலை நிறுத்தித் தோழர்களுக்காகக் காத்திருந்தார்கள், சிலர் மணல்திட்டில் ஏறினார்கள். ஏதென்ஸ்காரர்கள் பாய்ந்து 6 கப்பல்களைப் பிடித்து, இழந்த தங்கள் கப்பல்களையும் மீட்டார்கள். அந்தப் போருக்கு முன் தன் ஆட்களிடம் ஃபோர்மியோ கேட்டுக்கொண்டது வீரத்தை அல்ல, ஒழுங்கையும் அமைதியையும்.

நீரைப் பார்க்க முடியாத 108 பேரை நினைத்தால் அமைதி என்ற சொல் எனக்கு வேறாகக் கேட்கிறது. எங்கள் கடைசி மாலையில் யாரும் பேசக்கூடாது என்று ஏற்பாடு செய்து, என் குரலும் மேலடுக்கு இருவரின் மெல்லிய 'ஹோ'வும் மட்டும் இருக்கும்படி, அதே பீப்பாய் அலையில் வலித்தோம். முப்பத்தோராவது இழுப்பில் நடுவடுக்கின் ஒரு வார் அறுந்தது. அதுவரை மோதல் இல்லை. எண்ணெய் தடவ மறந்த வார் அது. அடுத்ததாக வார்களை இரட்டைத் தோலில் செய்து, இருக்கைகளைச் சற்றுச் சாய்வாக மாற்றிப் பார்க்க இருக்கிறேன். மருமகனின் தொடைக்கு மேல் இன்னும் மூன்று சென்டிமீட்டர் கிடைத்தால், அலகு ஒன்பது சென்டிமீட்டர் கூடுதலாக எழும்.